அம்மம்மாவின் கண்மருந்தும் கதைக்கிற அலாரமும்

மாங்குளத்திலிருந்து ஒரு பேத்தி: அம்மம்மாவுக்குக் கண் அமுக்கம். சொட்டு மருந்து இரண்டு. ஒன்று காலையும் மாலையும், மற்றது மாலை மட்டும். அலாரம் அடித்தால் எழும்பிப் போகிறா, ஆனால் எந்தப் போத்தல் என்று குழம்புகிறா. என்ன செய்யலாம்?

அலாரச் சத்தத்தின் இடத்தில் உங்கள் குரலையே வையுங்கள். முதலில் போத்தல்களைக் கை அறியும்படி வேறாக்க வேண்டும். இரண்டு நேரம் விடுவதில் ஒரு ரப்பர் வளையம் போடுங்கள், மற்றது வெறுமனே இருக்கட்டும். மூடியின் நிறத்தை நம்பாதீர்கள், மங்கல் வெளிச்சத்தில் அது உதவாது.

பிறகு போனில் குரல் பதியுங்கள். தொடக்கத்தில் மூன்று விநாடி மணிச்சத்தம், பிறகு "அம்மம்மா, ரப்பர் போட்ட போத்தல், ஒரு சொட்டு", பிறகு நாலு விநாடி அமைதி. மணி இல்லாமல் நேரே பேச்சில் தொடங்கினால், அவ காது கொடுக்குமுன் முதல் சொல் போய்விடும். பதிவு திரும்பத் திரும்ப ஓடும் என்பதால் கடைசி அமைதி இல்லாவிட்டால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கூகிளின் Clock செயலியில் அலாரத்தின் ஒலியைத் தொட்டு, Add new வழியாக அந்தப் பதிவைச் சேர்க்கலாம். இணையம் தேவையில்லை.

காலை 7, மாலை 7 இரண்டுக்கும் ரப்பர் போத்தல் பதிவு. மாலை 7.10க்கு வெறும் போத்தல் பதிவு. இரண்டு சொட்டுக்கும் நடுவே ஐந்து நிமிடமாவது வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். அவ தடவித் தடவி விடுகிற நேரத்தையும் சேர்த்துத்தான் பத்து.

அதே செயலியின் அமைப்பில் Volume buttons என்பதை அலாரத்தை நிறுத்துவதாக மாற்றுங்கள். திரையில் பொத்தான் தேடுகிற வேலை மிச்சம். சத்தம் மெல்ல மெல்லக் கூடுகிற வசதி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், முதல் தடவை சொல்வது கேட்காமல் போகும்.

வவுனியாவிலிருந்து: இவ்வளவு சிரமம் ஏன்? TalkBack போட்டால் போனே எல்லாத்தையும் வாசிக்குமே.

வாசிக்கும், அதில் பிழையில்லை. ஆனால் அதைப் போட்டதும் தொடுகிற முறையே மாறிவிடும். ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். முழுக்கப் பார்வை இல்லாதவர் பழகிக்கொள்வார். அரைகுறையாகத் தெரிகிறவருக்கு, தெரிகிற பொத்தானை அழுத்தியும் வேலை செய்யாதது போல் இருக்கும். என் அம்மா இரண்டாம் நாளே போனைத் திருப்பித் தந்துவிட்டா.

புதுக்குடியிருப்பிலிருந்து: எனக்குக் கண் பரவாயில்லை, ஷெல் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. நித்திரையில் அலாரம் கேட்பதில்லை.

நல்ல காது தலையணையில் படும்படி படுக்கிறீர்களா என்று பாருங்கள். பலருக்குச் சிக்கல் அங்கேதான். அதிர்வு உதவும், ஆனால் போன் மெத்தையில் கிடந்தால் பஞ்சு அதை விழுங்கிவிடும். பகலில் சட்டைப்பையில் வைத்திருங்கள். இரவில் தலைமாட்டில் மரக்கதிரை மேல் வைத்தால் கதிரையும் சேர்ந்து அதிரும். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட வேண்டாம், சூடேறும்.

அதிர்வில் வேறுபாடு காட்ட விரும்பினால் ஒரு நீள அதிர்வு, மூன்று குறுக்கல் என்று இரண்டோடு நிறுத்துங்கள். ஐபோனில் நாமே தட்டி ஒரு தாளம் செய்யலாம், சம்சுங்கில் இருப்பதில் ஒன்றைத் தெரியலாம். நாலைந்து தாளம் வைத்தால் ஒருவருக்கும் நினைவிருக்காது. நீரிழிவால் விரல் மரத்தவருக்கு அதிர்வை மட்டும் நம்பி விடாதீர்கள்.

மல்லாவியிலிருந்து: எழுத்தை ஆகப் பெரிதாக்கினேன். இப்போது அலாரத்தின் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது.

"அம்மாவின் மாலை மருந்து" என்று எழுதியிருப்பீர்கள். தமிழ் எழுத்து அகலம், "அம்மாவின்" என்பதோடு திரை முடிந்துவிடும். வேறுபடுத்துகிற சொல்லை மட்டும் வையுங்கள்: "ரப்பர்", "வெறும்". கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துக் கண் கூசுகிறவருக்குச் சுகம். எல்லாருக்கும் அப்படியில்லை, அவரிடமே இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.

பரந்தனிலிருந்து: மருந்து நினைவூட்டுகிற ஒரு செயலி இறக்கினேன். ஒரு கிழமை ஒழுங்காக அடித்தது, பிறகு நின்றுவிட்டது.

பற்றரி சேமிப்பு அதை உறங்க வைத்திருக்கும். நானும் ஒருமுறை அப்படி ஏமாந்தேன். அமைப்பில் அந்தச் செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், அல்லது போனோடு வந்த கடிகாரத்துக்கே மாறுங்கள். அலாரத்தின் ஒலியளவு அழைப்பு ஒலியளவிலிருந்து வேறு, அதையும் பாருங்கள். கரண்ட் போய்ப் போன் அணைந்தால் பெரும்பாலும் எதுவும் அடிக்காது.

மாங்குளத்துப் பேத்தி மறுபடியும்: குரல் போட்டாச்சு, சரியான போத்தலை எடுக்கிறா. ஆனால் அலாரத்தை நிறுத்திய பிறகு சொட்டு விட்டாவா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

போனுக்குத் தெரியாது. நிறுத்தியதை மட்டும்தான் அது அறியும். நான் வீட்டில் இரண்டு தகரப்பேணி வைத்தேன், சொட்டு விட்டதும் போத்தல் அடுத்த பேணிக்குப் போகவேண்டும். காலையில் அது வேலை செய்தது. மாலையில் அம்மா சிலவேளை போத்தலை மட்டும் மாற்றிவிட்டுச் சொட்டை மறந்தா. அதற்கு இன்னும் வழி காணவில்லை, யாராவது கண்டிருந்தால் எழுதுங்கள்.