கட்டுரையில் சாட்பாட் போடும் சிவப்புக்கோடு: எதை ஏற்பது, எதை விடுவது?

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா, திருச்சி): பொண்ணு எழுதின கட்டுரையைச் சாட்பாட்ல போட்டா முழுசா வேற கட்டுரையா மாத்தித் தருது. பிழையை மட்டும் காட்டச் சொல்றது எப்படி?

பதில்: "பிழை திருத்து" என்று மட்டும் சொன்னால் அது நடையையும் சேர்த்து மாற்றிவிடும். ஒரு தடவைக்கு ஒரு பத்தி மட்டும் கொடுங்கள். பத்திக்கு மேலே இப்படி எழுதுங்கள்: "இதைத் திருத்தி எழுதாதே. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, ஒருமை பன்மைப் பிழை மட்டும் சொல். ஒவ்வொன்றுக்கும் மூலச் சொல், திருத்தம், காரணம் கொடு. பிழை இல்லாவிட்டால் இல்லை என்று சொல்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் பிழையே இல்லாத வாக்கியத்திலும் எதையாவது தேடிப் பிடித்துக் கொடுக்கும்.

கேள்வி (அதே அம்மா): அப்படிக் கேட்டும் ஏழெட்டுத் திருத்தம் வருது. எல்லாமே சரியான்னு எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: ஒரு பத்தியை வைத்தே பார்ப்போம், அம்மா. மாணவி எழுதியது இது என்று கொள்ளுங்கள்:

"எங்கள் ஊரில் இரண்டு ஏரிகள் இருக்கிறது. மழைகாலத்தில் அவை நிறம்பி, தண்ணீர் வயலுக்கு போகும். ஊர்க்காரர்கள் கரையை பலப்படுத்த முயற்ச்சி செய்தார்கள். பல செடிகளை நட்டு, வேலி போட்டனர்."

சாட்பாட்டிடமிருந்து வரக்கூடிய பட்டியல்: இருக்கின்றன, மழைக்காலத்தில், நிரம்பி, வயலுக்குப் போகும், கரையைப் பலப்படுத்த, பலச் செடிகளை, வேலிப் போட்டனர், போட்டனர் என்பதற்கு அமைத்தனர்.

முதல் ஐந்தும் சரி. ஏரிகள் பன்மை, அதனால் இருக்கின்றன. "நிறம்பி" என்று ஒரு சொல்லே கிடையாது, அகராதியில் "நிரம்பு" பார்த்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த இரண்டு வகையிலும், அதாவது பொதுச் சொற்களின் ர, ற, ல, ள, ழ குழப்பத்திலும் ஒருமை பன்மையிலும், அது பெரும்பாலும் சரியாகவே சொல்லும்.

"பலச் செடிகளை" தவறு. பல, சில ஆகியவற்றுக்குப் பின் ஒற்று மிகாது: பல செடிகள், சில படங்கள். "வேலிப் போட்டனர்" என்பதும் தவறு. வேலியைப் போட்டனர் என்றால் ஒற்று வரும். அந்த ஐ மறைந்து "வேலி போட்டனர்" என்று நிற்கும்போது வராது. கதை சொன்னார், துணி துவைத்தார் எல்லாம் இதே வகைதான். கடைசியாக வந்த "அமைத்தனர்" பிழைத்திருத்தமே அல்ல, அதன் விருப்பம். போட்டனர் என்று பிள்ளை எழுதியது அப்படியே இருக்கட்டும்.

பட்டியலில் இல்லாததையும் பாருங்கள். "முயற்ச்சி" தப்பிவிட்டது. சாட்பாட் நம்மைப் போல எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. சொல்லைத் துண்டுகளாக எடுத்துக்கொண்டு, சூழலை வைத்து இன்ன சொல்லாக இருக்கும் என்று கணிக்கிறது. அதனால் நடுவில் கூடுதலாக ஒரு ச் இருந்தாலும் "முயற்சி" என்றே எடுத்துக்கொண்டு போய்விடலாம். தமிழ்ச் சொல்லில் ற் என்ற புள்ளி எழுத்தை அடுத்து இன்னொரு வல்லினப் புள்ளி எழுத்து வராது. ஆகவே Ctrl+F அழுத்தி ற்ச், ற்ப், ற்க் மூன்றையும் தேடுங்கள். முயற்ச்சி, கற்ப்பனை போன்றவை எல்லாம் சிக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): ஒற்றுக்கு ஏன் சார் இவ்வளவு? ஐ, கு முடிவில் வந்து அடுத்தது க, ச, த, பன்னா ஒற்று. இல்லன்னா வேண்டாம். அவ்வளவுதானே?

பதில்: முதல் பாதி சரி. "இல்லன்னா வேண்டாம்" சரியில்லை. அந்தப் பையன், நன்றாகப் படித்தான், ஓடிப் போனான், மலைப் பாதை என்று ஐயும் குவும் உருபாக வராத இடங்களிலும் ஒற்று மிகும்.

முதல் பாதியிலும் ஓர் இடறல் உண்டு. "அவனுக்கு வேலை கொடுத்தாள்" என்பதில் வேலை என்பது முழுச் சொல், உருபு எதுவும் இல்லை. "முருகனுக்கு வேலைக் கொடுத்தாள்" என்றால் வேல் + ஐ. சாட்பாட் சறுக்குவது இப்படிப்பட்ட இடத்தில்தான். ஐகாரத்தில் முடிகிறதே என்று முதல் வாக்கியத்துக்கும் ஒரு க் போட்டுவிட்டால், வேலைக்காக வந்தவன் கையில் வேல் வந்துவிடும். ஐயில் முடியும் சொல்லுக்கும் அடுத்து வரும் வினைச்சொல்லுக்கும் நடுவே அது ஒற்றுச் சேர்த்திருந்தால், ஐயை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கரையை என்பதில் கரை நிற்கிறது, பொருளும் பொருந்துகிறது, ஒற்று வரட்டும். வேலை என்பதில் வேல் நின்றாலும் அந்த வாக்கியத்துக்குப் பொருந்தவில்லை, ஒற்றை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை, சேலம்): இவ்வளவு சிரமம் எதுக்குங்க? கட்டுரையையே அதுகிட்ட எழுதச் சொல்லிப் பையன் பார்த்து எழுதினா பிழை வராதே.

பதில்: வரும். அது எழுதும் தமிழிலும் இதே ஒற்றுப்பிழைகள் இருக்கும், அவற்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும். பையனுக்கு எந்த இடத்தில் தடுமாற்றம் என்பதும் தெரியாமல் போய்விடும்.

கேள்வி (டொராண்டோவிலிருந்து, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தாய்): ஐயா, என்ர மகள் "யன்னல்", "உழுந்து", "அம்மாவோட கதைச்சன்" என்று எழுத, அது ஜன்னல், உளுந்து, பேசினேன் என்று மாத்திப் போட்டுது. எங்கட தமிழ் பிழையோ?

பதில்: யன்னலும் உழுந்தும் பிழையே இல்லை, அம்மா. இலங்கையில் அச்சிலேயே வருபவை. "கதைச்சன்" பேச்சு வடிவம். கட்டுரைக்குக் "கதைத்தேன்" என்று எழுதினால் போதும், பேசினேன் ஆக்கத் தேவையில்லை. கேள்வியிலேயே "இலங்கைத் தமிழ் வழக்கு, சொற்களை மாற்றாதே" என்று சேர்த்துவிடுங்கள். அப்படியும் நடுவில் மறந்து மாற்றலாம், அதனால் ஒவ்வொரு பத்திக்கும் அந்த வரியைத் திரும்பப் போடுங்கள்.

கேள்வி (தமிழாசிரியை, மதுரை): "வாழ்த்துக்கள்" என்பதை ஒரு நாள் தவறு என்கிறது, மறுநாள் சரி என்கிறது. வாழ்த்து வன்தொடர்க் குற்றியலுகரம், வலி மிகுவதுதானே முறை?

பதில்: கள் தனிச்சொல் அல்ல, விகுதி. ஆகவே மிகத் தேவையில்லை என்பது எதிர்த்தரப்பு. நான் வாழ்த்துகள், எழுத்துகள் என்றே எழுதுகிறேன். மாணவருக்கு, பாடநூலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்வேன்.

அதே ஆசிரியை: மிகுந்து வந்த பழைய அச்சு எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் தவறு என்று மதிப்பெண் குறைக்க எனக்கு மனமில்லை.

பதில்: குறைக்க வேண்டாம் என்பதே என் கருத்தும். ஒரே கட்டுரையில் இரண்டும் கலந்து வந்தால் மட்டும் சுட்டிக்காட்டலாம்.

கேள்வி (கோவை மாணவர்): சந்தேகமா இருந்தா "உறுதியா?"ன்னு திரும்பக் கேட்டா போதாதா? அது நன்னூல் நூற்பா எண்ணெல்லாம் தருதே.

பதில்: "உறுதியா?" என்றதும் சரியாகச் சொன்னதையும் மன்னிப்புக் கேட்டு மாற்றிவிடலாம். நூற்பா எண்ணை நூலைத் திறந்து பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள், இல்லாத எண்ணையும் அதே உறுதியோடு தரும்.

புது உரையாடல் ஒன்றைத் திறந்து, "அ) வேலி போட்டனர், ஆ) வேலிப் போட்டனர், எது சரி?" என்று மட்டும் கேளுங்கள். எது மாணவர் எழுதியது என்று சொல்லாதீர்கள். பிறகு இன்னொரு புது உரையாடலில் வரிசையை மாற்றிக் கேளுங்கள். விடை மாறினால் அந்த இடத்தில் அதன் சொல்லுக்கு மதிப்பில்லை, இலக்கண நூலையோ ஆசிரியரையோதான் கேட்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே விடை வந்தாலும் ஒற்று விஷயத்தில் அதை முடிவாகக் கொள்ளாதீர்கள், ஒரே தவறை இரண்டு முறை செய்யவும் அதனால் முடியும்.

கேள்வி (திருச்சி அம்மா): அது சொல்லாம மாத்தின இடத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கா?

பதில்: இருக்கிறது. மாணவி எழுதியதை ஒரு கோப்பாகவும் சாட்பாட் தந்ததை இன்னொரு கோப்பாகவும் வைத்துக்கொண்டு, வேர்டில் Review, Compare என்று போங்கள். கூகுள் டாக்ஸ் என்றால் Tools, Compare documents. மாறிய இடமெல்லாம் நிறத்தோடு தெரியும். பட்டியலில் சொல்லாத மாற்றம் எது இருந்தாலும் முதலில் பழையபடி ஆக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.