டீசல் 10 சதவீதம் ஏறினால் வாடகையும் 10 சதவீதம் ஏற வேண்டுமா?

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தின் சரக்கை ஒரே லாரி உரிமையாளர்தான் ஆண்டு ஒப்பந்தத்தில் ஏற்றிச் செல்கிறார். ஒரு நடைக்கு இவ்வளவு என்று வாடகை. புதுப்பிக்கும் நேரத்தில், "டீசல் விலை எத்தனை சதவீதம் மாறுகிறதோ, வாடகையும் அத்தனை சதவீதம் மாறும்" என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். நியாயமாகத்தான் தெரிகிறது. கையெழுத்திடலாமா?

பதில்: அந்த வரியை அப்படியே ஏற்காதீர்கள். அதற்காக, டீசல் ஏற்ற இறக்கம் முழுவதையும் அவரே சுமக்கட்டும் என்றும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஏறக்கூடிய விலையை முன்கூட்டியே கணக்கிட்டு வாடகையை உயர்த்திக் கேட்பார். இல்லையென்றால் விலை ஏறிய மாதத்தில் லாரி வராது. எரிபொருள் கூடுதல் கட்டணம் என்ற விதி இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. அதை எழுதும் முறைதான் இங்கே கோளாறு.

வாடகை முழுவதும் டீசல் அல்ல. ஓட்டுநர் சம்பளம், டயர், பராமரிப்பு, கடன் தவணை, காப்பீடு, சுங்கக் கட்டணம், லாபம் எல்லாம் அதில் இருக்கின்றன. டீசல் ஏறிய அன்று டயர் விலை ஏறிவிடுவதில்லை. எனவே வாடகையை விட்டுவிட்டு, ஒரு நடைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். போக 300 கிலோமீட்டர், லாரி காலியாகத் திரும்ப 300 கிலோமீட்டர். வாடகை 40,000. டீசல் லிட்டர் 100. லோடுடன் லிட்டருக்கு 3 கிலோமீட்டரும், காலியாக 6 கிலோமீட்டரும் ஓடும் லாரி என்று கொள்வோம். போக 100 லிட்டர், வர 50 லிட்டர், ஆக 150 லிட்டர். டீசல் செலவு 15,000, அதாவது வாடகையில் 37.5 சதவீதம்.

இப்போது டீசல் 110 ஆகிறது. அவருக்கு உண்மையில் கூடிய செலவு 150 லிட்டருக்கு 10 வீதம் 1,500. அவர் அனுப்பிய வரியின்படி நீங்கள் கொடுக்க வேண்டியது 40,000-த்தில் 10 சதவீதம், அதாவது 4,000. ஒவ்வொரு நடைக்கும் 2,500 மிகை. இதே வரி, விலை இறங்கும்போது அவரைத்தான் அடிக்கும். டீசல் 92-க்கு வந்தால் அவருக்கு மிச்சமாவது 1,200, ஆனால் வாடகையில் 3,200 குறைக்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். லிட்டர் கணக்குக்கு மாறுவதில் அவருக்கும் ஆதாயம் இருப்பது புரிந்துவிடும்.

மைலேஜில் ஒரு சறுக்கல் உண்டு. 3-க்கும் 6-க்கும் சராசரி 4.5 என்று போட்டு, 600-ஐ அதனால் வகுத்தால் 133 லிட்டர்தான் வரும். அது தவறு. லோடு ஏற்றிய தூரத்துக்கும் காலியாக ஓடிய தூரத்துக்கும் தனித்தனியே லிட்டர் பார்த்துக் கூட்ட வேண்டும். வரும் வழியில் வேறொருவரின் சரக்கை ஏற்றி வருகிறார் என்றால் அந்தப் பாதி உங்கள் கணக்கில் வரவே கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட லிட்டரை ஒவ்வொரு தடத்துக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நடைக்கு நடை டீசல் ரசீது கேட்டுச் சரிபார்க்கும் வேலை வேண்டாம். அதில் தினமும் சண்டைதான் மிஞ்சும். சிக்கனமாக ஓட்டி அவர் மிச்சம் பிடித்தால் அது அவருக்கே இருக்கட்டும்.

அதிகம் கவனிக்கப்படாத இடம் அடிப்படை விலை. எந்த விலையிலிருந்து ஏற்ற இறக்கத்தை அளப்பது? வாடகையை அவர் கணக்கிட்ட நாளில் டீசல் என்ன விலை விற்றதோ, அதுவே அடிப்படை. வாடகை கேட்டபோது டீசல் 106 ஆக இருந்து, விதியில் பழைய 100 எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகும்? அந்த 6 ஏற்கெனவே வாடகைக்குள் இருக்கிறது. விதியின்படி முதல் நடையிலிருந்தே 900 இரண்டாவது முறையாக உங்களிடமிருந்து போகும். யாரும் ஏமாற்ற நினைக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டின் ஒப்பந்தத்தை நகலெடுத்து வாடகையை மட்டும் மாற்றினாலே இது நடந்துவிடும்.

தற்போதைய விலை எது என்பதையும் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். இருவரும் பார்க்கக்கூடிய, பொதுவில் வெளியாகும் ஒரு விலையை, எந்த ஊர் விலை என்பதுடன் குறிப்பிடுங்கள். விலை நாள்தோறும் மாறும் இடத்தில், மாதத்தின் 1, 16 தேதிகளின் விலையை எடுத்து, அடுத்த தேதி வரை அதையே வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. லோடு ஏற்றிய நாளுக்குரிய விலை என்று எழுதுங்கள். பில் போடும் நாள் என்று இருந்தால், விலை ஏறும்வரை பில் தாமதமாகும் அதிசயத்தைக் காண்பீர்கள்!

சில்லறை மாற்றத்துக்கெல்லாம் பில் திருத்தாமல் இருக்க, அடிப்படை விலையிலிருந்து 3 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் மாற்றமில்லை என்று பலர் வைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எல்லையைத் தாண்டினால் எதிலிருந்து எண்ணுவது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். விலை 104 ஆனால் கூடுதல் கட்டணம் 4-க்கா, 103-ஐத் தாண்டிய 1-க்கா? முதல் வகையில் 600, இரண்டாவதில் 150. நான் முதல் வகையைத்தான் எழுதச் சொல்வேன். சில்லறைக் கணக்கைத் தவிர்க்கத்தான் இந்த எல்லை. அவருடைய நட்டத்தில் ஒரு பங்கை நிரந்தரமாக அவர் தலையில் கட்டுவதற்கு அல்ல. இறங்கும்போது உங்களுக்கும் முழுத்தொகை குறையும்.

விதியை இப்படி எழுதிக் கொடுங்கள்: "இத்தடத்தில் ஒரு நடைக்கு 150 லிட்டர். அடிப்படை விலை லிட்டர் 100. லோடு ஏற்றிய நாளுக்குரிய விலை 97-க்குக் குறைந்தாலோ 103-ஐத் தாண்டினாலோ, அவ்விலைக்கும் அடிப்படை விலைக்கும் உள்ள முழு வித்தியாசத்தை 150-ஆல் பெருக்கி வரும் தொகை வாடகையுடன் கூட்டப்படும் அல்லது கழிக்கப்படும். இத்தொகை பில்லில் தனி வரியாக, எடுத்துக்கொண்ட விலையும் அதன் தேதியும் குறிப்பிட்டுக் காட்டப்படும்."

'கழிக்கப்படும்' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். கூடுதல் கட்டணம் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, இறங்கினால் குறைக்கும் பேச்சே இல்லாத விதிகள் ஏராளம். தனி வரி கேட்பதும் இதற்காகத்தான். விலை 97-க்குக் கீழே போன காலத்தின் பில்களில் அந்த வரியே காணாமல் போயிருந்தால் உடனே கேட்கலாம்.

அடுத்த ஆண்டு புது வாடகை பேசும்போது அடிப்படை விலையையும் அன்றைய விலைக்கு மாற்றிவிடுங்கள். புது வாடகையில் ஓடும் முதல் நடைக்கு, இடையில் டீசல் விலை மாறியிருந்தாலொழிய, கூடுதல் கட்டணம் பூஜ்யமாக இருக்க வேண்டும்.