பாத்ரூம் கண்ணாடியில் முகம் ஏன் வெளிறித் தெரிகிறது?

“புது ஃப்ளாட்டில் பாத்ரூம் 5க்கு 8 அடி. வெள்ளை டைல்ஸ். கதவுக்கு மேலே 12 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு. கண்ணாடியில் பார்த்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரி, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு தெரிகிறது. வார்ம் பல்பு மாற்றிப் பார்த்தேன், எல்லாமே மஞ்சளடித்துவிட்டது. எந்த நிறத்தில், எத்தனை வாட் பல்பு போட்டால் முகம் இயல்பாகத் தெரியும்? குளிக்கப் போனால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்க வேண்டும்.”

உங்கள் கருவளையத்தில் பாதி பல்பு மாட்டியிருக்கும் இடத்தால் வந்தது. கதவு எதிர்ச் சுவரில் இருந்தால் கண்ணாடி முன் நிற்கும்போது விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பக்கச் சுவரில் இருந்தாலும் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து சாய்வாகத்தான் இறங்கும். புருவத்தின் நிழல் கண் குழியிலும், மூக்கின் நிழல் மேலுதட்டிலும், தாடையின் நிழல் கழுத்திலும் விழுகிறது. அந்த இடத்தில் எந்த நிறப் பல்பை மாட்டினாலும் நிழல் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் வார்ம் பல்பு மாற்றியும் திருப்தி வரவில்லை. முன்பு கருப்பாக இருந்த வளையம் இப்போது பழுப்பாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 1200 லூமென் வெளிச்சம் தரும். லூமென் என்பது பல்பிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. பெட்டியில் வாட்டுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள், வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் அதுதான். சுவரும் கூரையும் விழுங்கியது போக பாதி மிஞ்சினால் 600 லூமென். உங்கள் பாத்ரூமின் 40 சதுர அடி என்பது 3.7 சதுர மீட்டர். வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 160 லூமென், அதாவது 160 லக்ஸ் சொச்சம். குளிக்கவும் துணி அலசவும் அது தாராளம். ஆனால் அது அறையின் சராசரி. கண்ணாடியைப் பார்த்து நிற்கும் முகத்துக்கு நேராக எந்த விளக்கும் இல்லாததால், டைல்ஸில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம்தான் அங்கே போய்ச் சேர்கிறது. பொட்டு வைக்க, ஷேவ் செய்ய முகத்தின் மேல் 300 லக்ஸ் பக்கம் இருந்தால் வசதி. இங்கே அதில் பாதிகூடக் கிடைக்காது. இதைக் கவனிக்காமல் “வெளிச்சம் போதவில்லை” என்று 20 வாட் மாட்டுபவர்கள் உண்டு. அறை கண்ணைக் கூசும், முகம் மட்டும் அப்படியே இருட்டாக இருக்கும்.

சரி, விளக்கை எங்கே வைப்பது? கண்ணாடிக்கு இரண்டு பக்கமும், கண் உயரத்தில். தரையிலிருந்து 5 அடி முதல் ஐந்தரை அடி வரை, இரண்டுக்கும் நடுவே இரண்டரை முதல் 3 அடி இடைவெளி. பால் நிற மூடி போட்ட சுவர் விளக்காக இருக்க வேண்டும். பல்பு நேராகக் கண்ணில் பட்டால் கூசும், மூடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு மென்மையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 7 வாட், சுமார் 700 லூமென் பல்பு. கூட்டிப் பாருங்கள், 1400 லூமென். நீங்கள் ஏற்கெனவே எரிப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை. மூடி கொஞ்சம் தின்றாலும் மீதி முகத்துக்கு முன்னாலிருந்தே வருவதால் 300 லக்ஸை நெருங்கிவிடலாம். ஒரு பக்கத்து விளக்கின் நிழலை மறுபக்கத்து விளக்கு அழித்துவிடும்.

டைல்ஸை உடைத்து வயர் இழுக்க மனமில்லை என்றால், கண்ணாடிக்கு மேலே 2 அடி நீள பேட்டன், அதாவது ட்யூப் லைட் மாதிரி நீளமான எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் படுக்கையாகப் பொருத்துங்கள். பக்கவாட்டு விளக்கு அளவுக்கு வராது. ஆனாலும் அகலமான ஒளி என்பதால் நிழல் மெல்லியதாகும், வெள்ளை வாஷ் பேசினில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். கடையில் ஆசை காட்டும் எல்.இ.டி. கண்ணாடிகளில் ஒரு எச்சரிக்கை: விளிம்புக்குப் பின்னால் ஒளிரும் வகை சுவரைத்தான் அழகாக்கும். முன்பக்கம் பால் நிறப் பட்டை உள்ள வகையைப் பாருங்கள்.

இடம் சரியானால் சாம்பல் பூத்த தோற்றத்துக்கு வருவோம். அதற்கு அநேகமாக இரண்டு காரணங்கள் இருக்கும்.

நம் ஊரில் ‘வெள்ளை’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் பல்பு. பெட்டியில் கூல் டேலைட் என்று போட்டிருக்கும். கெல்வின் எண் ஏற ஏற ஒளி நீலம் பூசும், இறங்க இறங்க மஞ்சளாகும். பழைய குண்டு பல்பு 2700 கெல்வின், வார்ம் ஒயிட் 2700 அல்லது 3000, நேச்சுரல் அல்லது நியூட்ரல் ஒயிட் 4000. மேகமூட்டமான பகலில் 6500 கெல்வின் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். வெளியே வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ். அதே நீல ஒளி நூறு, நூற்றைம்பது லக்ஸில் இருந்தால் பலருக்கு மழை நாள் மாலை மாதிரி சோகையாகத் தெரிகிறது. க்ரூய்தாஃப் என்ற டச்சு ஆய்வாளர் 1941இலேயே இதை வரைபடமாகப் போட்டார். பின்னால் வந்த ஆய்வுகள் அவர் போட்ட எல்லைக் கோடுகளை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் மங்கலான நீல ஒளியில் நிம்மதி இல்லை என்பது நான் வீடு வீடாகப் பார்த்தது.

இரண்டாவது காரணம் பலர் கேட்டே இராத ஒன்று, சி.ஆர்.ஐ. ஒரு ஒளியில் பொருள்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதற்கான மதிப்பெண், 100க்கு. சாதாரண எல்.இ.டி. பல்பு என்பது நீல ஒளி தரும் ஒரு சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகிவிடும், அடர் சிவப்பு மட்டும் குறைவாகவே இருக்கும். தோலுக்கு உயிர் கொடுப்பதே அதற்கு அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்புதான். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது இன்னும் பொருந்தும்: சிவப்பு குறைந்தால் பழுப்பு போய்ச் சாம்பல்தான் மிஞ்சும். பெட்டியில் 80க்கு மேல் என்று போட்ட பல்பில்கூட இந்தக் குறை இருக்கலாம். காரணம், அந்த மதிப்பெண் வெளிறிய எட்டு நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அதில் சேராது. அதைத் தனியாக ஆர்9 என்று அளப்பார்கள். பெட்டியில் அபூர்வமாகவே அந்த எண் இருக்கும். அதனால் சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், சிவப்பும் பொதுவாகத் தேறிவிடும். விலை கூடுதல்தான். வீடு முழுக்க வேண்டாம், கண்ணாடியருகே இருக்கும் இரண்டு பல்புக்கு மட்டும் செலவழித்தால் போதும்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு பழுத்த தக்காளியும் உங்கள் உள்ளங்கையும் போதும். பகலில் ஜன்னலோரம் இரண்டையும் பார்த்து வையுங்கள், இரவில் பல்புக்குக் கீழே மறுபடி பாருங்கள். தக்காளி செங்கல் நிறமாக மங்கி, உள்ளங்கையில் ரோஜா நிறம் போயிருந்தால் அந்தப் பல்பு முகத்துக்கு ஆகாது. கடையில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, சுற்றிலும் நூறு பல்பு எரியும் இடத்தில் எதுவும் தெரியாது.

இனி உங்கள் மஞ்சள் பிரச்சினை. ஹாலிலும் படுக்கையறையிலும் என்ன எரிகிறது? 6500 கெல்வின் ட்யூப் லைட் என்றால் கண் அதற்குப் பழகியிருக்கும். அங்கிருந்து நேராக 2700க்குள் நுழைந்தால் மஞ்சள் முகத்தில் அறையும். ஓரிரு நிமிடத்தில் கண் சமாதானமாகிவிடும், ஆனால் முகம் கழுவ அவ்வளவு நேரம் யார் நிற்கிறார்கள்? அதனால் வீடு முழுக்க வெள்ளை விளக்கு உள்ளவர்களுக்குக் கண்ணாடியருகே 4000 கெல்வினைத்தான் சொல்வேன். வீடே வார்ம் என்றால் 3000. டைல்ஸையும் பார்க்க வேண்டும்: உங்களுடையது வெள்ளை என்பதால் 4000 சுத்தமாக நிற்கும். சந்தன நிற டைல்ஸ் இருந்தால் அதுவே மஞ்சளைக் கூட்டும், அங்கே 3000 போட்டால் இன்னும் தூக்கலாகிவிடும். 2700இல் இன்னொரு தொல்லை, கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். நானே ஒரு காலத்தில் அந்த வெளிச்சத்தில் உடுத்திக்கொண்டு கறுப்பு பேன்ட், நீல சாக்ஸோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன்.

நிம்மதிக்கு அந்த விளக்குகளையே மங்க வைக்க முயல வேண்டாம். எலக்ட்ரீஷியன் சிலர் ஃபேன் ரெகுலேட்டரை இணைத்துத் தருவார்கள். டிம்மபிள் என்று போடாத பல்பு அதில் துடிக்கும், சீக்கிரம் போகும். இரண்டு சுவிட்சாகப் பிரித்துவிடுங்கள். கதவுக்கு மேலிருக்கும் 12 வாட்டை எடுத்துவிட்டு அதே ஹோல்டரில் 3 வாட், 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு. இரவுக் குளியலுக்கும் நடுநிசியில் எழுந்து போவதற்கும் அது ஒன்று போதும், தூக்கமும் முழுதாகக் கலையாது. காலையில் கண்ணாடி விளக்கு இரண்டும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் முகத்தில் ஒரு பக்கம் மஞ்சள் தட்டும், அதனால் முகம் பார்க்கும்போது மேல் விளக்கை அணைத்துவிடுங்கள். அறையைத் தேய்த்துக் கழுவும் நாளில் எல்லாமும் எரியட்டும்.

சுவர் விளக்குகள் ஷவரிலிருந்து 2 அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். ஐ.பி.44 என்று குறித்திருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும். பாத்ரூம் லைனுக்கு, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

டைல்ஸில் துளை போடும் முன் ஒரு ஒத்திகை பார்க்கலாம். ஈர பாத்ரூமுக்குள் எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுக்காதீர்கள். படுக்கையறையில் ஒரு கண்ணாடியை முக உயரத்தில் வைத்து, இரண்டு பக்கமும் டேபிள் லேம்ப்பில் நீங்கள் வாங்கிய பல்புகளைப் போட்டு, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு 5 நிமிடம் உட்காருங்கள். 4000இல் ஒரு தடவை, 3000இல் ஒரு தடவை. கண்ணுக்குக் கீழே அப்போதும் கருப்பு தெரிந்தால் அது விளக்கால் வந்ததில்லை.