எனக்கு நெடி, அவருக்கு வாசனையே தெரியவில்லை

“திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டாக என் கணவர் புதிதாக ஒரு சென்ட் வாங்கிப் பயன்படுத்துகிறார். காலையில் அதை அடித்துக்கொண்டு அவர் அலுவலகம் கிளம்பினால், அரை மணி நேரத்துக்குள் எனக்கு வலது நெற்றிப்பொட்டில் விண்விண் என்று வலி தொடங்கிவிடுகிறது. சில நாள் குமட்டலும் உண்டு. மாதத்தில் ஏழெட்டு நாள் மாத்திரை போடுகிறேன். அவரிடம் சொன்னால், ‘எனக்கே வாசனை தெரியவில்லை, உனக்கு எப்படித் தலை வலிக்கும்?’ என்கிறார். போகப் போகப் பழகிவிடும் என்கிறார் மாமியார். இது அலர்ஜியா? என்ன செய்வது?”
— ஒரு வாசகி

அலர்ஜியாக இருக்க வாய்ப்பு குறைவு. சென்ட் ஒத்துக்கொள்ளாமல் அலர்ஜி ஆவது பெரும்பாலும் தோலில்தான் தெரியும். பூசிய இடம் சிவந்து அரிக்கும், தடிக்கும். நீங்கள் எழுதியிருப்பது ஒற்றைத் தலைவலியின் சாயலில் இருக்கிறது. மாத்திரை போடாமல் விட்டால் வலி நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்கிறதா? அந்த நேரத்தில் மாடிப்படி ஏறினால் கூடுகிறதா? வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் இருட்டறையில் படுத்தால் போதும் என்று தோன்றுகிறதா? ஆம் என்றால் சந்தேகம் மேலும் வலுக்கிறது. அதை உறுதி செய்ய வேண்டியவர் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்.

தமிழில் வாசனை என்றும் நெடி என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. உடலும் இவற்றை இரண்டாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. மல்லிகையின் மணத்தை அறிவது மூக்கின் உச்சியில் இருக்கும் முகர்வு நரம்பு. மிளகாய் வறுக்கும்போது தும்ம வைப்பதும், வெங்காயம் நறுக்கும்போது கண்ணைக் கரிக்க வைப்பதும் வேறொரு நரம்பு. முகம், கண், மூக்கின் உட்சவ்வு, மூளையைச் சுற்றியுள்ள உறை எல்லாவற்றிலும் கிளை பரப்பியிருக்கும் முக்கிளை நரம்பு அது. ஒற்றைத் தலைவலியின் வலி பயணிப்பதும் இதே நரம்பில்தான். அடர்த்தியான சென்ட்டில் உள்ள சாராயமும் சில வாசனைப் பொருள்களும் முகர்வு நரம்போடு நிற்காமல் இந்த நரம்பையும் சீண்டுகின்றன. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது ஏற்கெனவே சட்டென்று கோபப்படும் நரம்பு. மற்றவர்களுக்கு வாசனையாக இருப்பது உங்களுக்கு நெடியாக இருப்பது அதனால்தான்.

உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைப் புறக்கணிக்கத் தொடங்கிவிடும். அடுத்த வீட்டுக்குள் நுழைந்தால் அவர்கள் வீட்டு வாசனை நமக்குத் தெரிகிறது, நம் வீட்டு வாசனை தெரிவதில்லை. தினமும் ஒரே சென்ட் அடிப்பவருக்கு சில வாரங்களில் அது கிட்டத்தட்டத் தெரியாமல் போகும். தெரியவில்லையே என்று இரண்டு அழுத்து அழுத்திய இடத்தில் ஐந்து அழுத்து அழுத்துவார். ‘எனக்கே தெரியவில்லை’ என்று அவர் சொல்வது, அளவு கூடிப்போயிருப்பதற்கான அறிகுறி. மாமியார் சொல்லும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. உங்களுக்கு வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. திரும்பத் திரும்ப வரும் தூண்டலைச் சட்டை செய்யாமல் விடும் திறன், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் மூளையில் பொதுவாகவே குறைவு.

ஆனால் பழி முழுவதையும் அந்தப் புட்டியின் மேல் போடுவதற்கு முன் ஒரு சங்கடமான உண்மையைச் சொல்கிறேன். ஒற்றைத் தலைவலி வலியோடு தொடங்குவதில்லை. வலிக்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒரு நாள் முன்பே கூட, அது தொடங்கிவிடும். காரணமில்லாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின் மேல் ஆசை ஆகியவற்றோடு வாசனைகள் தாங்க முடியாமல் போவதும் அந்த முன்கட்டத்தில் வரும். அதாவது சில நாள்களில் சென்ட் வலியைக் கொண்டுவந்திருக்காது. வரப்போகும் வலிதான் சென்ட்டைத் தாங்க முடியாததாக ஆக்கியிருக்கும். எது எந்த நாள் என்று வாதிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. எழுதிப் பார்த்தால் தெரியும்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் அவர் வழக்கம்போல் சென்ட் அடிக்கட்டும், அடுத்த இரண்டு வாரம் நிறுத்தட்டும். நிறுத்துவது என்றால் பாடி ஸ்ப்ரே, ஷேவ் செய்தபின் தடவும் லோஷன், வாசனை ஹேர் ஜெல் எல்லாவற்றையும் சேர்த்து. வலி வந்த நாளில் மட்டும் எழுதினால் போதும்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எங்கே இருந்தீர்கள், முந்தைய இரவு எப்படித் தூங்கினீர்கள், சாப்பாடு தள்ளிப்போனதா, மாதவிலக்கு எந்த நாள், தலைக்குக் குளித்தீர்களா. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தலைக்குக் குளித்தால் வலி வரும் என்று நம் ஊர்ப் பெண்கள் பலர் சொல்வதை மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பதி இப்படி எழுதிப் பார்த்தார்கள். மனைவி பள்ளி ஆசிரியை, கணவர் விற்பனைப் பிரிவில் வேலை. சென்ட்டை நிறுத்திய இரண்டு வாரத்திலும் நான்கு முறை வலி வந்துவிட்டது. ‘பார்த்தீர்களா, சென்ட் காரணமில்லை’ என்று கணவர் வெற்றியோடு நோட்டை நீட்டினார். அதில் நான்கு முறையும் வலி தொடங்கியது இரண்டாம் பீரியடில். சனி, ஞாயிறுகளில் வலியே இல்லை. காலையில் கணவர்தான் அவரைக் காரில் பள்ளியில் விடுகிறார். ஓராண்டுச் சென்ட் முழுவதும் இருக்கை உறையிலும் சீட் பெல்ட்டிலும் ஊறிக் கிடந்தது. போதாததற்கு டாஷ்போர்டில் ஒரு வாசனைப் புட்டி, வெளிக்காற்று வராதபடி ஏசி வேறு. புட்டியை எடுத்துவிட்டு, உறைகளைத் துவைத்து, பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, கிளம்பும் முன் பத்து நிமிடம் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். மாதம் எட்டு நாள் வந்த வலி மூன்று நாளாகக் குறைந்தது. அந்த மூன்றில் இரண்டு மாதவிலக்கை ஒட்டி வந்தவை, ஒன்று ஏகாதசி விரத நாளில் வந்தது. அவற்றுக்கும் சென்ட்டுக்கும் தொடர்பில்லை.

இந்தக் கதையை நீட்டிச் சொன்னதற்குக் காரணம், பலரும் தவறவிடும் இடம் துணிதான் என்பது. சென்ட்டில் முதலில் வீசும் எலுமிச்சை, ஆரஞ்சு வகை மணங்கள் அரை மணி நேரத்தில் பறந்துவிடும். அடியில் இருக்கும் கஸ்தூரி, சந்தன, வெனிலா வகை மணங்கள்தான் தங்குபவை. உடம்பில் அடித்தது குளித்தால் போய்விடும். சட்டையிலும் தலையணை உறையிலும் ஏறியது நாள்கணக்கில் இருக்கும். செயற்கைக் கஸ்தூரி வகைகள் ஒரு துவைப்பைத் தாண்டியும் நிற்கும். எனவே அவர் முழுவதுமாக விட முடியாது என்றால் இப்படிச் செய்யலாம்: படுக்கையறையில் அடிக்க வேண்டாம், கிளம்பும்போது வாசலுக்கு வெளியே, துணியில் படாமல், சட்டைக்குள் மார்பில் ஒரே ஒரு அழுத்து. மாலையில் வந்ததும் குளித்துவிட்டு, கழற்றிய சட்டையைப் படுக்கையறைக்கு வெளியே ஒரு கூடையில் போடட்டும். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றுகிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. அதனால் காலையில் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

புட்டியின் லேபிளையும் ஒருமுறை பாருங்கள். கடையில் எல்லாவற்றையும் சென்ட் என்றே விற்கிறார்கள். ஓ டி கொலோன் என்றால் அதில் வாசனை எண்ணெய் நூற்றில் 2 முதல் 5 பங்குதான். ஓ டி பர்ஃபம் என்றால் 15 முதல் 20 பங்கு. ஓராண்டுக்கு முன் அவர் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறியிருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது. ‘ரசாயனம் இல்லாதது’ என்று அத்தருக்கு மாறுவது பெரும்பாலும் கைகொடுக்காது. அதில் சாராயத்தின் சுருக்கென்ற நெடி இருக்காதுதான், ஆனால் எண்ணெய் என்பதால் துணியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஜவ்வாதும் அப்படியே. அவருடைய கவலை வியர்வை நாற்றம் என்றால், குளித்தபின் ஈர அக்குளில் படிகாரக் கட்டியைத் தேய்த்துக்கொள்வது மணமில்லாத நல்ல வழி. நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை அது கட்டுப்படுத்தும். அவரிடம் பேசும்போது ‘வாசனை அதிகம்’ என்று தொடங்காதீர்கள், அவர் மூக்கால் அதைச் சரிபார்க்க முடியாது. நோட்டில் இருக்கும் மணியையும் தேதியையும் காட்டுங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. வெறும் பாராசிட்டமால் என்றால் மாதத்தில் 15 நாளைத் தொடக் கூடாது. எர்கோட்டமைன், காஃபின் கலந்த மாத்திரைகளுக்கும் சுமாட்ரிப்டான் வகைக்கும் வரம்பு 10 நாள்தான். அந்த அளவு மாதக்கணக்கில் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கும். நம் மருந்துக் கடைகளில் தலைவலிக்கு என்று கேட்டால் கலவை மாத்திரை கிடைத்துவிடுகிறது. எனவே அட்டையைத் திருப்பிப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஏழெட்டு நாள் வரம்புக்குள் இருந்தாலும் ஓரத்தில் நிற்கிறது. மாதம் நான்கு நாளுக்கு மேல் வலி வருபவர்கள் வராமல் தடுக்கும் மருந்து பற்றி மருத்துவரிடம் பேசலாம். குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், தடுப்பு மருந்துகளில் சில கர்ப்பத்தில் கூடாதவை.

வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று எல்லா வாசனையும் குமட்டினால், மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்று பார்த்து வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சென்ட் பட்டதும் நெஞ்சு இறுகி இழுப்பு வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் சென்ட்டைப் பற்றி யோசிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நான்கு வாரம் முடிந்ததும் நோட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ செல்லுங்கள். கணவரும் கூட வருவது நல்லது. அன்று மட்டுமாவது அவர் சென்ட் அடிக்காமல் வரட்டும். காத்திருக்கும் அறையில் உங்களைப் போல் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.