பார்த்து எழுதாமல் சொந்தமாக எழுத வைப்பது எப்படி?

"ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புராஜெக்டை இணையத்திலிருந்து அப்படியே காப்பி பேஸ்ட் செய்கிறார்கள். சொந்த நடையில் எழுத எப்படிப் பழக்குவது?"

'சொந்தமாக எழுது' என்று மட்டும் சொன்னால் சூரியனைக் கதிரவன் என்று மாற்றிவிட்டு வந்து நிற்பார்கள், வாக்கியம் அதேதான், அதுவும் காப்பிதான். திரையைப் பார்த்துக்கொண்டே எழுதுவதுதான் கோளாறு. நீர்ச்சுழற்சி என்றால் ஒரு பத்தியைப் படித்ததும் திரையை மூடச் சொல்லுங்கள். வெயில், ஆவி, குளிர்ச்சி, மேகம், மழை என்று ஐந்து சொற்கள் மட்டும் தாளில் இருக்கட்டும். அப்புறம் அதை வைத்து வாயால் சொல்லச் சொல்லுங்கள். "ஆவி மேலே போய்க் குளிர்ந்து குட்டிக் குட்டித் துளியாகிறது, அதுதான் மேகம்" என்று வந்தால் சரி, அதையே எழுதட்டும். சொல்லும்போது திக்கினால் அந்த இடம் புரியவில்லை என்று அர்த்தம், அதை மட்டும் திரும்பப் படிக்கட்டும். தகவல் சரிபார்க்க, கடைசியில் ஒரு தடவை திரையைத் திறக்கலாம். வரையறை போன்றவற்றை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும், எடுத்த இடத்தின் பெயரும் வேண்டும்.