லீட் ஸ்குரூவின் பிட்ச்சும் டயல் கோடுகளும்

கேள்வி: எங்கள் மில்லிங் மெஷினின் டேபிள் ஸ்குரூவை அளந்தால் பிட்ச் 5 மி.மீ. வருகிறது. கைச்சக்கர டயலில் 250 கோடுகள் உள்ளன. ஒரு சுற்றுக்கு டேபிள் எவ்வளவு நகரும்? 12.34 மி.மீ. நகர்த்த எத்தனை கோடு திருப்ப வேண்டும்?

பதில்: பள்ளியில் திருகு அளவியின் மீச்சிற்றளவைக் கண்டுபிடித்த அதே கணக்குதான் இதுவும். மரை ஒற்றைத் தொடக்கம் கொண்டதாகவும், கைச்சக்கரம் ஸ்குரூவுடன் நேராக இணைந்ததாகவும் இருந்தால், ஒரு முழுச் சுற்றுக்கு டேபிள் 5 மி.மீ. நகரும், அதை 250 ஆல் வகுத்தால் ஒரு கோட்டின் மதிப்பு 0.02 மி.மீ.

12.34 மி.மீட்டரில் இரண்டு முழுச் சுற்றுகள் 10 மி.மீட்டரைத் தந்துவிடும். மீதமுள்ள 2.34 மி.மீட்டரை 0.02 ஆல் வகுத்தால் 117 கிடைக்கும். ஆகவே டயல் வளையத்தைச் சுழியத்தில் வைத்துத் தொடங்கி, சுழியம் இருமுறை கடந்து வந்தபின் 117-ஆவது கோட்டில் நிறுத்த வேண்டும்.

நீங்கள் அளந்தது அடுத்தடுத்த இரு மரை முகடுகளுக்கு இடைப்பட்ட தூரம். ஸ்குரூவின் முனையில் இரண்டு மரைகள் தனித்தனியே தொடங்கினால் ஒரு சுற்றுக்கு டேபிள் 10 மி.மீ. நகரும்; ஒரு கோடும் 0.04 மி.மீ. ஆகிவிடும். மில்லிங் மெஷின் டேபிளில் இது அரிது என்றாலும், சந்தேகம் தீர ஒரு டயல் கேஜை மெஷினின் நகராத பாகத்தில் பொருத்தி, அதன் முனை டேபிளின் ஓரத்தைத் தொடுமாறு வைத்துச் சக்கரத்தை ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள். சுற்றுக்கு 1 மி.மீ. காட்டும் கேஜில் முள் சரியாக ஐந்து முறை சுற்ற வேண்டும். (டேபிளை மேலும் கீழும் நகர்த்தும் கைப்பிடிக்கும் ஸ்குரூவுக்கும் இடையே பெரும்பாலும் பல்சக்கரங்கள் இருப்பதால், அங்கே பிட்ச்சை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது.)

கணக்கு சரியாக இருந்தும் வேலை தவறுவது பெரும்பாலும் பேக்லாஷால், அதாவது ஸ்குரூவுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள தளர்வால்தான். அதே கேஜை வைத்துக்கொண்டு சக்கரத்தை எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பினால், முதல் சில கோடுகள் வரை முள் அசையாது. அது 9 கோடுகள் என்று கொள்வோம், தளர்வு 0.18 மி.மீ. இந்நிலையில் 117-இல் நிறுத்த வேண்டிய நீங்கள் 120-க்குப் போய்விட்டு, மூன்று கோடுகள் பின்னால் திருப்பினால் டயல் 117 என்று காட்டும். டேபிளோ 120-இல்தான் நிற்கும், 0.06 மி.மீ. பிழையுடன். தாண்டிவிட்டால் அரைச் சுற்றாவது பின்னுக்குத் திருப்பி, மீண்டும் முன்னோக்கி வந்து 117-இல் நிறுத்துங்கள். தொடக்கத்தில் டயலைச் சுழியமாக்கும்போதும் டேபிள் அதே திசையில் வந்து நின்றிருக்க வேண்டும்.