படுத்தால் கால் குடைகிறது

“அம்மாவுக்கு 71 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறார். படுத்தால் கால் குடைகிறது, எழுந்து நடந்தால் விடுகிறது. தைலம் தேய்த்தும் கேட்கவில்லை.”

நடந்தால் விடுகிறது என்றால் இது ஓய்வில்லாக் கால் என்ற கோளாறு மாதிரி தெரிகிறது. தசைப்பிடிப்பில் கெண்டைக்கால் கல்லாக இறுகும். பாதத்தை முகம் பக்கமாக இழுத்தால்தான் தளரும்.

அரிப்புக்கோ சளிக்கோ ராத்திரியில் சின்ன மஞ்சள் மாத்திரை போடுகிறாரா? அதில் இருக்கும் குளோர்பெனிரமின் இந்தக் குடைச்சலைக் கிளப்பிவிடும். என் மாமியாருக்கு அதுதான் வினை. நிறுத்திய நாலாம் நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

அப்புறம், கிளினிக்கில் ரத்தத்தில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று அது காட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இது குறைந்திருக்கலாம். 75 அல்லது அதற்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசலாம். காய்ச்சல் நேரத்தில் இந்த ரத்தப் பரிசோதனையை எடுக்காதீர்கள், அளவு பொய்யாக ஏறிக் காட்டும். மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். இந்த வயதில் இரும்பு குறைந்தால் குடலில் ரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.